வட்டி கம்மியா வந்துச்சுன்னு நெனச்சேன், தப்பு என் கணக்குல

என் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல 1 லட்சம் வரைக்கும் 3%, அதுக்கு மேல 6%. போன மாசம் 20 நாள் 80,000 இருந்துச்சு, அப்புறம் 10 நாள் 1,80,000. நான் போட்ட கணக்குக்கு 427.40 வரணும், வந்தது 345.21 தான். பேங்க் ஏமாத்திட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டேன் (கம்ப்ளைன்ட் மெயில் கூட பாதி அடிச்சாச்சு).

வித்தியாசம் 82.19. அது சரியா 1 லட்சத்துக்கு 10 நாள் 3% வட்டி, அப்பதான் பொறி தட்டுச்சு, 1 லட்சம் தாண்டுனதும் மொத்த பணத்துக்கும் 6%னு நான் போட்டிருந்தேன், ஆனா தாண்டுன 80,000க்கு மட்டும்தான் 6%, கீழ இருக்குற 1 லட்சம் எப்பவும் 3%ல தான் நிக்கும்.

இப்போ ஷீட்ல ஒரு நாளுக்கு ஒரு வரி, B காலம்ல அன்னைக்கு நாள் முடிவு பேலன்ஸ், பக்கத்துல இது:

```
=(MIN(B2,100000)*3%+MAX(B2-100000,0)*6%)/365
```

கூட்டுனா 345.21, பைசா சுத்தம். மாச சராசரிய வச்சு போடாதீங்க, சராசரி 1,13,333 தான் வரும், வட்டி 312 சொச்சம்னு தப்பா காட்டும்.

சில பேங்க்ல மொத்த பேலன்ஸுக்கும் மேல் ரேட்டே குடுப்பாங்க, அதனால ரேட் டேபிளுக்கு கீழ இருக்குற குட்டி எழுத்த மொதல்ல படிங்க.