நிதி நிறுவனத்தின் பின்னால் நிற்பது யார்? ஸ்பான்ஸரைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மியூச்சுவல் ஃபண்டு நிறுவனத்தையோ காப்பீட்டு நிறுவனத்தையோ நடத்துவது யார் என்று கேட்டால், பெரும்பாலானோர் அதன் பெயரையே பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். பெயரில் ஒரு வங்கி இருந்தால் அந்த வங்கியே உரிமையாளர் என்றும், ஒரு வெளிநாட்டு நிறுவனம் இருந்தால் அதுவும் கூட்டாளி என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் இது சரியாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். அதனாலேயே தவறாகிப்போகும் இடங்களில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பந்தன் மியூச்சுவல் ஃபண்டை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பந்தன் வங்கி. ஆனால் இந்த ஃபண்டை முன்நின்று நடத்தும் ஸ்பான்ஸர் அந்த வங்கி அல்ல. பந்தன் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் என்ற தனி நிறுவனம். வங்கியில் சுமார் 40 சதவீதப் பங்குகளை வைத்திருக்கும் புரமோட்டரும் இதே ஹோல்டிங்ஸ் நிறுவனம்தான். ஆகவே வங்கியும் ஃபண்டு நிறுவனமும் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் அருகருகே இருப்பவை. ஒன்று மற்றொன்றுக்குச் சொந்தமானதல்ல. வங்கியின் வைப்புநிதி, வாராக்கடன், லாபம் ஆகியவற்றை வைத்து ஃபண்டு நிறுவனத்தின் பலத்தை எடைபோடுபவர், தவறான நிறுவனத்தின் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஃபண்டின் முந்தைய வரலாறும் கவனிக்கத்தக்கது. 2023 மார்ச் வரை இதன் பெயர் ஐடிஎஃப்சி மியூச்சுவல் ஃபண்டு. அப்போதும் பலர் ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியே இதை நடத்துவதாக எண்ணியிருந்தனர். உண்மையில் ஸ்பான்ஸராக இருந்தது ஐடிஎஃப்சி லிமிடெட். 2008-ல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டிடமிருந்து ஐடிஎஃப்சி இதை வாங்கியது; அதற்கும் முன்பு ஏஎன்இசட் கிரிண்ட்லேஸ் என்ற பெயரில் இயங்கியது. 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 4,500 கோடி ரூபாய் ஒப்பந்தத்தின்படி, பந்தன் ஹோல்டிங்ஸுடன் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜிஐசியும், கிறிஸ்கேப்பிட்டலும் சேர்ந்து இதை வாங்கின. இவ்விரு கூட்டாளிகளின் பெயர் விளம்பரத்தில் இல்லை, ஃபண்டின் பெயரிலும் இல்லை. பெயரை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் இருப்பதே தெரியாது.

இங்கே இரண்டாவது தவறு தலைகாட்டுகிறது: பங்கு வைத்திருப்பவர் எல்லோரும் ஸ்பான்ஸர் என்று நினைப்பது. மியூச்சுவல் ஃபண்டு என்பது சட்டப்படி ஒரு அறக்கட்டளை. அதைத் தோற்றுவிப்பவர் ஸ்பான்ஸர். முதலீட்டாளர்களின் சார்பில் மேற்பார்வை செய்பவர் டிரஸ்டி. அன்றாடம் பணத்தை முதலீடு செய்து நிர்வகிப்பது ஏஎம்சி எனப்படும் சொத்து மேலாண்மை நிறுவனம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளின்படி, ஏஎம்சியின் நிகர மதிப்பில் குறைந்தது 40 சதவீதத்தை ஸ்பான்ஸர் அளித்திருக்க வேண்டும். அந்த அளவையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் ஸ்பான்ஸராகவே கருதப்பட்டு, அதற்குரிய தகுதிகளை நிறைவு செய்தாக வேண்டும்.

இந்த 40 சதவீத எல்லைக் கோட்டை நினைவில் வைத்தால் பல குழப்பங்கள் தீர்ந்துவிடும். எஸ்பிஐ ஃபண்ட்ஸ் மேனேஜ்மென்ட் நிறுவனத்தில் பிரான்ஸைச் சேர்ந்த அமுண்டி ஏறத்தாழ 37 சதவீதப் பங்குகளுடன் பல ஆண்டுகள் பெரிய கூட்டாளியாக இருந்துவந்துள்ளது. ஆனாலும் ஆவணத்தில் ஸ்பான்ஸர் என்ற இடத்தில் காண்பது பாரத ஸ்டேட் வங்கியின் பெயரைத்தான். ஐசிஐசிஐ புரூடென்ஷியல் ஃபண்டிலோ, வங்கிக்கு 51, வெளிநாட்டுக் கூட்டாளிக்கு 49 என்ற விகிதத்திலேயே நெடுங்காலம் பங்குகள் இருந்தன; இருவரும் கோட்டுக்கு மேல் இருந்ததால் இருவருமே ஸ்பான்ஸர்கள். இரண்டும் வங்கியும் வெளிநாட்டு நிறுவனமும் சேர்ந்த கூட்டு முயற்சிகள் என்று ஒரே வரியில் சொல்லிவிடும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

புரூடென்ஷியல் என்ற பெயரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இணையத்தில் தேடுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. உலகில் இந்தப் பெயரில் இரண்டு பெரிய நிறுவனங்கள் உண்டு. ஒன்று 1848-ல் லண்டனில் தோன்றிய புரூடென்ஷியல் பிஎல்சி. மற்றொன்று 1875-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் தோன்றிய புரூடென்ஷியல் ஃபைனான்ஷியல். இரண்டுக்கும் உரிமைத் தொடர்பு எதுவும் இல்லை. ஐசிஐசிஐயுடன் கைகோத்தது பிரிட்டிஷ் நிறுவனம். அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் பிஜிஐஎம் இந்தியா மியூச்சுவல் ஃபண்டின் பின்னாலும், பிராமெரிகா லைஃப் காப்பீட்டு நிறுவனத்தில் வெளிநாட்டுப் பங்குதாரராகவும் இருக்கிறது. அவற்றின் பெயரிலோ புரூடென்ஷியல் என்ற சொல்லே இல்லை. பெயர் இருக்கும் இடத்தில் வேறொருவரும், ஆள் இருக்கும் இடத்தில் வேறொரு பெயரும் என்பதால், வணிகப் பெயர் மட்டுமின்றி நிறுவனத்தின் முழுப் பதிவுப் பெயரையும் எந்த நாட்டில் பதிவானது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

காப்பீட்டில் சட்டம் பயன்படுத்தும் சொல் ஸ்பான்ஸர் அல்ல, புரமோட்டர். ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் ஸ்பான்ஸர் என்று தேடினால் கிரிக்கெட் அணியின் விளம்பரச் செய்திதான் கிடைக்கும். இங்கே பெயரை நம்புவதன் ஆபத்தும் அதிகம், ஏனெனில் கூட்டாளி போன பிறகும் பெயர் தங்கிவிடுவதுண்டு. சென்னையைச் சேர்ந்த ராயல் சுந்தரம் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'ராயல்', பிரிட்டனின் ராயல் அண்ட் சன்அலையன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த நிறுவனம் தன் 26 சதவீதப் பங்குகளை 2015-ல் சுந்தரம் ஃபைனான்ஸுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. 2019-ல் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஏஜியாஸ் 40 சதவீதப் பங்குகளுடன் உள்ளே வந்தது. பெயரில் போனவர் இருக்கிறார், வந்தவர் இல்லை. பெயரில் வரும் வரிசையும் ஏமாற்றும்: 2024 டிசம்பரில் மேக்ஸ் லைஃப் என்பது ஆக்சிஸ் மேக்ஸ் லைஃப் ஆனது, முதலில் ஆக்சிஸ் என்று வந்தாலும், சுமார் 80 சதவீதப் பங்குகளோடு கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தது மேக்ஸ் ஃபைனான்ஷியல் சர்வீசஸ்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? மியூச்சுவல் ஃபண்டுக்கு, எஸ்ஏஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூடுதல் தகவல் அறிக்கையைத் திறக்க வேண்டும். இது ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக இல்லாமல் ஃபண்டு நிறுவனம் முழுமைக்கும் ஒன்றாக, அதன் தளத்திலேயே இருக்கும். தொடக்கப் பகுதியில் ஃபண்டு எப்போது, எந்தப் பத்திரத்தின் மூலம், யாரால் தோற்றுவிக்கப்பட்டது என்ற விவரமும், அடுத்து ஸ்பான்ஸரின் அறிமுகமும், கடந்த மூன்று ஆண்டு நிதிநிலையும் வரும். நிறுவனம் கைமாறியிருந்தால் பழைய ஸ்பான்ஸர் யார், எப்போது மாறினார், செபியின் ஒப்புதல் எப்போது வந்தது என்பனவும் அதே பத்தியில் இருக்கும். இணையத்தில் தேடும்போது பழைய ஆண்டின் எஸ்ஏஐ முதலில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. முதல் பக்கத்தில் உள்ள தேதியைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. 2023 ஜூலைக்கு முந்தைய ஹெச்டிஎஃப்சி ஃபண்டு ஆவணத்தைப் படிப்பவர், அதன் பின் ஹெச்டிஎஃப்சி வங்கியுடன் இணைந்து மறைந்துவிட்ட ஹெச்டிஎஃப்சி லிமிடெட்டையே இன்றும் ஸ்பான்ஸர் என்று குறித்துக்கொள்வார்.

காப்பீட்டு நிறுவனங்களின் தளத்தில், பெரும்பாலும் பக்கத்தின் அடியில், 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்ஸ்' என்று ஒரு சிறிய இணைப்பு இருக்கும். அதற்குள் காலாண்டுதோறும் வெளியிட வேண்டிய படிவங்கள் உள்ளன. ஆயுள் காப்பீடு என்றால் L-9, L-9A. பொதுக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் என்றால் NL-9, NL-9A. முதலாவது, இந்தியப் புரமோட்டர், வெளிநாட்டுப் புரமோட்டர், மற்றவர் என்று மொத்தமாகப் பிரித்துக் காட்டும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். 'A' என்று முடியும் படிவத்தின் முதல் பகுதியில்தான் ஒவ்வொரு பங்குதாரரின் பெயர் வருகிறது. அதன் இரண்டாம் பகுதி, அந்த இந்தியப் புரமோட்டர் நிறுவனம் யாருடையது என்பதைக் காட்டுகிறது. அதாவது ஒரு படி மேலே ஏறிப் பார்க்க ஒழுங்குமுறை ஆணையமே ஏணி வைத்துக் கொடுத்திருக்கிறது. இவ்வளவு பயனுள்ள பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்களோ மிகக் குறைவு.

பந்தன் பெயருக்கே திரும்பி, இந்த வழியில் நடந்து பார்க்கலாம். ஒருவரிடம் 2010-ல் எடுத்த ஏகான் ரெலிகேர் பாலிசி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெலிகேர் விலகிய பின் அந்த நிறுவனம் ஏகான் லைஃப் ஆனது. 2024 பிப்ரவரியில் பந்தன் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் கைக்கு வந்தது. ஏப்ரலில் பந்தன் லைஃப் என்று பெயர் மாறியது. பாலிசிப் பத்திரத்தில் உள்ள, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பதிவு எண்ணை இன்றைய தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால், பெயர்கள் மாறினாலும் நிறுவனம் அதுவே என்பது உறுதியாகும். பிறகு அண்மைக் காலாண்டின் L-9A படிவத்தைத் திறந்தால் முதல் பகுதியில் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் பெயரும், இரண்டாம் பகுதியில் அதற்கும் மேலே உள்ள பந்தன் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பெயரும் இருக்கும். வங்கி அந்தச் சங்கிலியில் மேலே எங்கும் வராது.

வங்கிக் கிளையில் பாலிசி எடுத்தவர்கள் செய்யும் தவறு இதற்கு நெருங்கிய உறவு. கிளை மேலாளர் விற்றதால் அது வங்கியின் பாலிசி ஆகிவிடாது. ஒரு வங்கி கார்ப்பரேட் முகவராகப் பதிவு செய்துகொண்டு, ஆயுள், பொது, மருத்துவம் ஒவ்வொன்றிலும் ஒன்பது நிறுவனங்கள் வரை விற்க 2022 முதல் அனுமதி உள்ளது. விளம்பரத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில், மேலே உள்ள வணிகச் சின்னம் இன்னாருக்குச் சொந்தம், உரிமத்தின் பேரில் பயன்படுத்தப்படுகிறது என்று இருந்தால், அது சின்னத்தின் உரிமையை மட்டுமே சொல்கிறது. பங்கு யாரிடம் என்பதற்கு அது சான்றாகாது.

ஸ்பான்ஸரைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது: அவர் நம் பணத்துக்குப் பொறுப்பு என்று கருதுவது. ஃபண்டு ஆவணங்கள் ஒவ்வொன்றிலும், ஃபண்டைத் தொடங்கும்போது ஸ்பான்ஸர் அளித்த தொடக்கத் தொகைக்கு மேல், திட்டத்தில் ஏற்படும் எந்த இழப்புக்கும் அவர் பொறுப்பல்ல என்ற வாக்கியம் உண்டு. அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாய் போன்ற மிகச் சிறிய எண்தான். காப்பீட்டில் மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பது எல்ஐசி பாலிசிகளுக்கு, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் கீழ். அரசு வங்கி புரமோட்டராக இருக்கும் பிற ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. புரமோட்டரின் பெயருக்குப் பதிலாக, அதே காலாண்டுப் படிவத் தொகுப்பில் உள்ள, பாலிசிதாரர்களுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தின் திறனைக் காட்டும் சால்வன்சி விகிதம் ஐஆர்டிஏஐ கேட்கும் 150 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பதையே அங்கே பார்க்க வேண்டும்.