கூட்டினால் 100 வருகிறதா, தேதி வரிசையாக ஓடுகிறதா: ஏலக் கணக்குத் தாளில் தப்பான கட்டத்தைப் பிடிக்கும் வழி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுக் கணக்கு இன்னும் பெரும்பாலும் நோட்டில்தான் எழுதப்படுகிறது. பிறகு யாராவது ஒருவர் உட்கார்ந்து எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஏற்றுவார். ஏற்றும்போது விழும் தவறுகளைக் கண்ணால் தேடினால் நூறு வரிக்குள் கண் சோர்ந்துவிடும். அதற்குப் பதில், கணக்குக்குள்ளேயே இருக்கும் விதிகளை வைத்துத் தாளையே தவறைக் காட்டச் செய்யலாம். சூத்திரம் எழுதிப் பழகாதவர்களும் இதைப் படித்தபடியே செய்துவிட முடியும்.

ஒரு வரி என்பது ஒரு விசைப்படகின் ஒரு பயணம். A-இல் படகு எண். B-இல் கடலுக்குக் கிளம்பிய தேதி, C-இல் கரை திரும்பிய தேதி, D-இல் ஏலம் விட்ட தேதி. E முதல் I வரை, மொத்த எடையில் எந்த மீன் எத்தனை சதவீதம் என்ற கணக்கு: வஞ்சிரம், சங்கரா, கிழங்கா, இறால், மற்றவை. முதல் வரி தலைப்பு. கணக்கு இரண்டாம் வரியில் தொடங்குகிறது.

முதலில் தாளைத் தயார் செய்யுங்கள்

தேதிப் பத்திகள் மூன்றுக்கும் `dd-mmm-yyyy` என்ற வடிவத்தைக் கொடுங்கள். மாதம் எண்ணாக இல்லாமல் பெயராகத் தெரியும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குழப்பம் கண்ணில் பட்டுவிடும். கூகுள் ஷீட்ஸில் `File > Settings > Locale` போய் `India` என்று வையுங்கள். எக்செல் என்றால் விண்டோஸின் `Region` அமைப்பில் `English (India)` இருக்க வேண்டும். அமெரிக்க அமைப்பில் இருந்தால் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகும். அதனால் வரும் கேடு கொஞ்சம் ஆழமானது, கீழே பார்ப்போம்.

இன்னொரு ஒழுங்கும் தேவை. ஒரு மீன் அந்தப் பயணத்தில் கிடைக்கவே இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். காலிக் கட்டத்துக்கு ‘கிடைக்கவில்லை’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘ஏற்ற மறந்தாச்சு’ என்றும் பொருள் கொள்ளலாம். சோதனை செய்யும் சூத்திரத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

சதவீதச் சோதனை

J2-இல் இதை எழுதிக் கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNT(E2:I2)<5,"எண் குறை",IF(ABS(SUM(E2:I2)-100)>1,"கூட்டல் தவறு",""))
```

`COUNT` எண்களை மட்டுமே எண்ணும். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால், 25 என்று தெரிவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். `SUM` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். அதனால்தான் கூட்டலுக்கு முன்பே ஐந்து எண் இருக்கிறதா என்று கேட்கிறோம். நீங்களாக இடம் வலம் மாற்றாத தாளில், எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். அதைப் பார்த்தும் கண்டுகொள்ளலாம்.

சரியாக 100 என்று கேட்காமல் 1 வரை ஏன் விட்டுக்கொடுக்கிறோம்? முழு எண்ணாகச் சுருக்கும்போது ஒவ்வொரு சதவீதத்திலும் அரை வரை கூடவோ குறையவோ செய்யும். அதனால் நேர்மையான கணக்கே 99 அல்லது 101 என்று வரும். ஐந்து எண் என்றால் அதிகபட்சம் 2.5 வரை விலக இடமுண்டு. ஆனால் 98, 102 வருவது அபூர்வம். அப்படி வரும் வரியை ஒருமுறை நோட்டோடு ஒத்துப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. சதவீதத்தை ஒரு தசமத்தோடு எழுதினால் அந்த 2.5-உம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்: சூத்திரத்தில் 1-க்குப் பதில் 0.25 போடுங்கள். அப்போது `SUM(E2:I2)` இருக்கும் இடத்தில் `ROUND(SUM(E2:I2),1)` என்று எழுதுவது நல்லது. தசம எண்களைக் கணினி உள்ளுக்குள் மிகச் சிறிய பிசகோடுதான் வைத்திருக்கும். `ROUND` அந்தப் பிசகை அப்புறப்படுத்திவிடும்.

சூத்திரம் தவறான வரியைத்தான் காட்டும். எந்தக் கட்டம் என்பதை வித்தியாசத்தின் அளவு சொல்லும். மூன்றாம் வரியில் 8, 43, 27, 15, 16 என்று ஏறியிருப்பதாக வையுங்கள். கூட்டல் 109, அதாவது 9 அதிகம். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். வகுத்து வரும் எண், அந்த இரு இலக்கங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். இங்கே 9-ஐ 9-ஆல் வகுத்தால் 1. கூடுதலாக வந்திருப்பதால், பத்தின் இலக்கம் ஒன்றின் இலக்கத்தைவிட 1 அதிகமாக இருக்கும் கட்டத்தைத் தேட வேண்டும். ஐந்தில் 43 மட்டும்தான் அப்படி. நோட்டில் 34 இருக்க வாய்ப்பு அதிகம். 34 போட்டால் கூட்டல் 100. ஆனாலும் நோட்டைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். வேறு கட்டத்தில் 9 கூடியிருந்தாலும் இதே வித்தியாசம் வரும்.

கடைசியில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தாலும் வித்தியாசம் 9-இன் மடங்குதான். 4 என்பது 40 ஆனால் 36 கூடும். 36-ஐ 9-ஆல் வகுத்தால் அசல் எண்ணான 4 வந்துவிடும். புள்ளி விட்டுப்போய் 3.5 என்பது 35 ஆனாலும் இதே கணக்குத்தான்: 31.5-ஐ வகுத்தால் 3.5.

கூட்டல் 75.25 என்று வால் முளைத்து வந்தால், யாரோ ஒரு கட்டத்தில் மட்டும் 25% என்று குறியோடு தட்டியிருக்கிறார்கள். தாள் அதை 0.25 என்று வைத்துக்கொள்ளும். வரி முழுக்கக் கூட்டி 1 வந்தால் எல்லாக் கட்டத்திலும் அதே கதை.

தேதிச் சோதனை

கிளம்பாமல் திரும்ப முடியாது, திரும்பாமல் ஏலம் விட முடியாது. விதி இவ்வளவுதான். ஒரே நாளில் திரும்பி அன்றைக்கே ஏலம் விடுவதும் உண்டு என்பதால் தேதிகள் சமமாக இருக்கலாம். K2-இல்:

```
=IF(COUNT(B2:D2)<3,"தேதி குறை",IF(AND(B2<=C2,C2<=D2),"","வரிசை தவறு"))
```

தொடக்கத்திலுள்ள `COUNT` இல்லாமல் வெறும் ஒப்பீட்டை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு படகு 2024 ஜூலை 5 கிளம்பி ஜூலை 13 திரும்புகிறது. கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கும்போது `05-07-2024` என்று தட்டினால் அது மே 7 ஆகிவிடும். அடுத்து `13-07-2024` தட்டினால், பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும். எக்செல்லின் ஒப்பீட்டில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆக `B3<=C3` என்பதற்கு ‘சரி’ என்றே விடை வரும். இரண்டு கட்டமும் தப்பு, சோதனையோ தேறிவிட்டது என்கிறது. தேதியும் உள்ளே ஒரு எண்தான் என்பதால் `COUNT` இந்த எழுத்துத் தேதியை எண்ணாது, ‘தேதி குறை’ என்று காட்டிவிடும். காலிக் கட்டமும் இதே வலையில் விழும். கடலில் இருக்கும் படகுக்குத் திரும்பிய தேதி இன்னும் வந்திருக்காது. அந்த வரியில் இந்தச் செய்தி நிற்பது நியாயம்தான்.

சரி, ஒருவர் C3-ஐ மட்டும் ஜூலை 13 என்று திருத்திவிட்டார், D3-உம் அதே தேதி. இப்போது மே 7, ஜூலை 13, ஜூலை 13. வரிசை ஒழுங்கு, K காலியாகிவிடும். B3 இன்னும் தப்புதான். இதைப் பிடிக்க, பயணம் எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். L2-இல்:

```
=IF(COUNT(B2:C2)<2,"",IF(C2-B2>15,"நாள் அதிகம்",""))
```

B3-க்கும் C3-க்கும் இடையில் 67 நாள் என்று வரும். 15 என்பது நீங்கள் வைக்கும் எல்லை. உங்கள் படகுகள் வழக்கமாக எத்தனை நாள் தங்குகின்றனவோ அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். நாளும் மாதமும் மாறிய தேதிக்கு இந்தச் சோதனை பொருத்தமாக அமைவதற்குக் காரணம் உண்டு: மாறியபின் நாளில் உள்ள ஒவ்வொரு ஒன்றும் ஒரு மாதமாகிவிடுகிறது. ஆகஸ்ட் 3-உம் ஆகஸ்ட் 9-உம் இரண்டுமே மாறினால் மார்ச் 8, செப்டம்பர் 8 ஆகும். வரிசை கெடாது, ஆனால் ஆறு நாள் பயணம் ஆறு மாதமாக நீண்டு நிற்கும்.

தடைக்காலம் என்ற மூன்றாவது விதி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. கணக்குத் தாளுக்கு இது வலுவான சாட்சி. எந்தப் பயணமும் அந்த நாள்களைத் தொடக் கூடாது. M2-இல்:

```
=IF(COUNT(B2:C2)<2,"",IF(AND(B2<=DATE(YEAR(B2),6,14),C2>=DATE(YEAR(B2),4,15)),"தடைக்காலம்",""))
```

ஒரே நாளில் போய்த் திரும்பும் படகின் இரு தேதியும் சேர்ந்தே மாறியிருந்தால் L-இல் எதுவும் தெரியாது. அசல் தேதி ஜூலை 5 என்றால் அது மே 7 ஆகி இங்கே மாட்டும். ஆகஸ்ட் 3 மார்ச் 8 ஆனால் இங்கேயும் மாட்டாது. அதற்கு நோட்டின் சொந்த ஒழுங்கே உதவும்: ஏலம் நாள் வாரியாகக் கீழ் நோக்கி எழுதப்படுவதால், `=IF(D3<D2,"முந்தைய வரி","")` என்று N3-இல் எழுதி இழுத்தால், பின்னோக்கிப் பாயும் தேதி தனியாகத் தெரியும். தாளை வேறு பத்தியால் வரிசைப்படுத்துவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

தடைக்காலத்தின் ஓரங்களில் நிதானம் வேண்டும். ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிந்த கையோடு கிளம்பும் படகுக்கு 14 என்றே எழுதியிருக்கலாம். அது தட்டச்சுத் தவறு இல்லை. துடுப்புப் படகுகளின் கணக்கும் அதே தாளில் இருந்தால் அவற்றை இந்த விதியிலிருந்து விலக்குங்கள். தடை அவற்றுக்கு இல்லை.

மாட்டிய வரியைத் திருத்தும் முறை

J முதல் N வரை ஒவ்வொரு பத்தியாக எடுத்து, ஏதாவது எழுதியிருக்கும் வரிகளை வடிகட்டி, நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். O-இல் பழைய மதிப்பையும் திருத்தியவர் பெயரையும் எழுதுங்கள். கூட்டல் 100 வர வேண்டும் என்பதற்காக ‘மற்றவை’ கட்டத்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள். சோதனை அடங்கிவிடும், தவறு அப்படியே உள்ளே தங்கிவிடும். நோட்டிலேயே கூட்டல் இடித்தால் எண்ணைத் தொடாமல் ‘நோட்டிலேயே இப்படி’ என்று O-இல் குறித்துவிடுங்கள்.

வஞ்சிரத்தின் எண் சங்கராவிலும் சங்கராவின் எண் வஞ்சிரத்திலும் ஏறியிருந்தால் கூட்டல் மாறாது. மேலே சொன்ன எந்தச் சூத்திரத்திலும் அது சிக்காது. நாலு கூடிய ஒரு கட்டமும் நாலு குறைந்த இன்னொரு கட்டமும் ஒரே வரியில் இருந்தாலும் அப்படியே. இதற்கு ஒவ்வொரு மீன் பத்தியையும் பெரிய எண் மேலே வரும்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். வஞ்சிரம் எப்போதும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வரும் படகில் ஒரு வரி மட்டும் 40 என்று நின்றால், அந்த நாள் நோட்டுப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டியதுதான்.