லாஸ் எகிறினால் எந்த செக்பாயிண்டுக்குத் திரும்புவது?

வாரக்கணக்கில் ஓடும் மொழி மாடல் பயிற்சியில், 2.1-க்குச் சீராக இறங்கியிருந்த லாஸ் சட்டென்று 5-ஐத் தாண்டும். உடனே எல்லோரும் தேடுவது கடைசி செக்பாயிண்டைத்தான். முதல் தவறே அதுதான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 60,520-ஆவது ஸ்டெப்பில் லாஸ் எகிறுகிறது. கிரேடியன்ட் நார்ம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது 60,470-லேயே ஏறத் தொடங்கியிருக்கிறது. 250 ஸ்டெப்புக்கு ஒருமுறை சேமித்தால், கடைசி செக்பாயிண்ட் 60,500. அதில் லாஸ் நன்றாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே மாடல் ஏற்கெனவே நிலை தடுமாறிவிட்டது. திரும்ப வேண்டிய இடம் 60,250. வட்டில் இடம் போதவில்லை என்று பழைய செக்பாயிண்டுகளை அழித்துவிட்டவர்களுக்கு அந்த வழியே இருக்காது.

திரும்பிய பிறகு அதே பேட்ச்களை அதே வரிசையில் ஊட்டினால், பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடி எகிறும். கூகுள் 2022-இல் வெளியிட்ட, 54,000 கோடி அளவுருக்கள் கொண்ட பாம் மாடலின் பயிற்சியில் சுமார் 20 முறை லாஸ் எகிறியது. கிரேடியன்ட் கிளிப்பிங் இருந்தும் தடுக்க முடியவில்லை. எகிறுவதற்கு ஏறக்குறைய 100 ஸ்டெப் முன்னால் போய், 200 முதல் 500 பேட்ச்களைத் தாண்டித் தொடர்ந்தார்கள். அதே இடத்தில் மறுபடி எகிறவில்லை.

அப்படியானால் அந்த பேட்ச்களில் குப்பை இருந்ததா? இப்படி நினைத்துத் தரவைச் சலிக்க உட்கார்வது முழு நாளையும் விழுங்கும் தவறு. பாம் குழு அதே பேட்ச்களை எடுத்து வேறொரு பழைய செக்பாயிண்டிலிருந்து ஓட்டிப் பார்த்தது, லாஸ் எகிறவில்லை. குறிப்பிட்ட தரவும் அந்த நேரத்து மாடல் நிலையும் சேரும்போதுதான் சிக்கல் வருகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது, சத்தமில்லாமல் நடக்கும் எண்ணிக்கைக் குழப்பம். பேட்ச்களைத் தாண்டுவதற்காக ஸ்டெப் எண்ணையே நகர்த்தினால் லேர்னிங் ரேட் அட்டவணையும் சேர்ந்து நகர்ந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்:

```
batch_id = step + skipped
```

நம் உதாரணத்தில் `skipped` 350. 60,251-ஆவது ஸ்டெப் 60,601-ஆவது பேட்ச்சைப் படிக்கும்; லேர்னிங் ரேட் 60,251-க்கு உரியதாகவே இருக்கும். இந்த 350-ஐயும் செக்பாயிண்டிலேயே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், அடுத்த முறை இயந்திரம் பழுதாகி மறுபடி தொடங்கும்போது மாடல் ஏற்கெனவே பார்த்த 350 பேட்ச்களை இரண்டாம் முறை படிக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

மாடல் எடைகளை மட்டும் ஏற்றி, ஆடம் ஆப்டிமைசரின் சராசரிகளை விட்டுவிடுவதும் நடக்கிறது. அவை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போது முதல் சில ஸ்டெப்கள் தாறுமாறாகி, புதிதாக ஓர் எகிறல் வரலாம்.

சில பத்து ஸ்டெப்களில் தானே இறங்கி, பழைய கோட்டில் சேர்ந்துவிடும் சிறு எகிறலை விட்டுவிடுங்கள். பேட்ச்களைத் தாண்டிய பிறகும் வெவ்வேறு இடங்களில் அடிக்கடி எகிறினால், பேட்ச்களைத் தாண்டுவது அதற்கு மருந்தல்ல. மெட்டாவின் ஓபிடி-175பி பயிற்சியில் லாஸ் கைமீறியபோது, பழைய செக்பாயிண்டுக்குத் திரும்பியதோடு லேர்னிங் ரேட்டையும் குறைத்தார்கள்.