ஓட்டுப் போடாதவர்களைப் போட வைத்த கட்டுரை

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருடமாக எழுதியதில் கற்ற மூன்று பாடங்கள் வேண்டுமாம். மூன்றையும் எனக்கு ஒரே கட்டுரைதான் கற்றுக்கொடுத்தது. புதுச்சேரி இந்தியாவோடு இணைவது பற்றி 1954இல் நடந்த கீழூர் வாக்கெடுப்பைப் பற்றி எழுதியது அது. அதில் நான் செய்த தவறுகளை அப்படியே சொல்கிறேன்.

முதல் தவறு தொடக்கத்தில். “புதுச்சேரி என்றதும் நம் நினைவுக்கு வருவது கடற்கரை, பிரெஞ்சுத் தெருக்கள்...” என்று ஆரம்பித்தேன். கீழூர் என்ற பெயர் நான்காவது பத்தியில்தான் வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற வில்லியனூர்க்காரருக்குக் கடற்கரையை எதற்கு வர்ணிக்க வேண்டும்? அந்தப் பத்தியை வெட்டி, புதுச்சேரியைப் பற்றிய வேறு எந்தக் கட்டுரையின் தலையில் வைத்தாலும் பொருந்தியிருக்கும். அப்படிப் பொருந்துகிற பத்தியை இப்போதெல்லாம் யோசிக்காமல் எடுத்துவிடுகிறேன். பிறகு மாற்றியது இப்படி: “1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள். அடுத்த பதினான்கு நாளில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது.” இவ்வளவுதான்.

இரண்டாவது தவறுதான் பெரியது. “இந்தியாவோடு இணைய புதுச்சேரி மக்கள் வாக்களித்தனர். ஆதரவு 170, எதிர்ப்பு 8” என்று எழுதியிருந்தேன். வெளிவந்த மறுநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். “தம்பி, அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்க வீட்டுல யாரும் ஓட்டுப் போடலையே?”

அவர் சொன்னது சரி. கீழூரில் வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்ல. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான். மொத்தம் 178 பேர். மக்கள் நேராக ஓட்டுப் போட்டது வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில், 1949இல். இரண்டும் இணைப்பு வாக்கெடுப்பு என்பதால், படித்த காலத்திலேயே என் மனதில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கிறது.

சரிபார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், மூன்று இடத்தில். மூன்றிலும் “மக்கள் வாக்களித்தனர்” என்றே இருந்தது. பிறகு அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் வாக்கியம் அச்சு அசலாக ஒன்று, ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கிறார்கள். அது மூன்று சாட்சி இல்லை, ஒரே சாட்சி மூன்று சட்டை போட்டு வந்தது. பிழைகூட ஒத்துப்போனால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

இதைவிட வெட்கம், விடை என் வாக்கியத்திலேயே இருந்தது. 170ஐயும் 8ஐயும் கூட்டினால் 178. லட்சக்கணக்கானவர்கள் வாழ்ந்த இடத்தில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து 178 ஓட்டுதான் விழுமா? எண்ணை எழுதினேன், யோசிக்கவில்லை. அதிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும், எத்தனை பேரில் இத்தனை என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். தேதி என்றால், அன்று என்ன மாறியது என்று கேட்கிறேன். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் மாறியது, சட்டப்படி முழுமையான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். இரண்டையும் வெறுமனே “விடுதலை நாள்” என்று எழுதினால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். (கடலூர்க்காரர்கள் சிரிக்காதீர்கள், உங்களுக்கு ஒரே ஆகஸ்ட் 15தான், வேலை சுலபம்.)

மூன்றாவது தவறு, பிழையைத் திருத்திய விதம். அன்று இரவே சத்தமில்லாமல் “மக்கள்” என்பதை “மக்கள் பிரதிநிதிகள்” என்று மாற்றிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குள் பழைய வடிவம் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. சில மாதம் கழித்து அதே பெரியவருக்கே அது சுற்றி வந்தது. “இன்னும் மாத்தலையா தம்பி?” என்றார். மாற்றிவிட்டேன் என்று சொன்னால் எப்படி நம்புவார்? திருத்தியதற்கு எங்கேயும் அடையாளமே இல்லை. பழையதைப் படித்தவருக்கும் தான் படித்தது தப்பு என்று தெரிய வழியில்லை.

அப்புறம் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, தேதி போட்டு இதைச் சேர்த்தேன்: “திருத்தம்: கீழூரில் பொதுமக்கள் வாக்களித்ததாக முதலில் எழுதியிருந்தேன். வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள்.” தப்பாக எழுதியது என்ன, சரியானது என்ன, இரண்டும் அதில் இருக்க வேண்டும். “சில மாற்றங்கள் செய்யப்பட்டன” என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எழுத்துப்பிழைக்கு இதெல்லாம் தேவையில்லை. பொருள் மாறினால் மட்டும் போதும்.

திருத்தத்தைக் கட்டுரையின் அடியில் போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நம்மில் எத்தனை பேர் கடைசி வரி வரை படிக்கிறோம்? பகிர்கிறவர்களும் மேலே நாலு வரியைத்தான் வெட்டி அனுப்புகிறார்கள். அடுத்த முறை அந்தக் கட்டுரை பெரியவரின் போனுக்கு வந்தபோது, தலைப்போடு திருத்தமும் சேர்ந்தே வந்ததாம்.