மூன்று நாள் லைன் போன பிறகு எழுதும் மன்னிப்புக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்து நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் தமிழ் அறிவிப்புகளைத் திருத்தி எழுதித் தருவது என் வேலை. இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளின் வரைவுகளைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் எழுதியது போலவே இருக்கிறது. எழுத்துப்பிழை, தேதி விடுபடுதல் போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. யார் படித்தாலும் அவை கண்ணில் பட்டுவிடும். தொனி தவறினால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடிதம் வெளியே போன பிறகு வாடிக்கையாளருக்குத்தான் தெரியும்.

சொந்த உழைப்பை முதலில் வைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். விளைவும் இதற்குத்தான் பெரிது.

இங்கே ஒரு சிறு இணையச் சேவை நிறுவனத்தின் லைன், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் செவ்வாய் காலை 10 மணிக்கு விழுந்து, வெள்ளி மாலை 4 மணிக்குத்தான் திரும்ப வந்தது. மொத்தம் 78 மணி நேரம். பலகாரக் கடை, துணிக்கடை எல்லாவற்றுக்கும் வருடத்திலேயே பெரிய வியாபாரம் நடக்கும் வாரம் அது. டூயிட்நவ் கியூஆர் பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வழியில்லை, அட்டை இயந்திரமும் ஓடவில்லை. 'கைக்காசு மட்டும்' என்று அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதி மாட்டியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் புடவையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஏடிஎம் தேடிப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை நிறுவனத்தின் கடிதம் எல்லாருக்கும் புலனத்தில் வந்தது. அதன் தொடக்கம் இப்படி:

"எங்கள் தொழில்நுட்பக் குழுவினர் கனமழையையும் பொருட்படுத்தாமல் இரவு பகலாக உழைத்து, மிகச் சவாலான சூழலில் சேவையை வெற்றிகரமாக மீட்டெடுத்துள்ளனர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இடைப்பட்ட காலத்தில் தாங்கள் காட்டிய பொறுமைக்கு நன்றி."

துணிக்கடை அக்கா இதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "அவங்க தூங்கலையாம். நான் மட்டும் தூங்கினேனா?" என்றார். அந்த மாதமே வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். லைன் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன், அதற்கப்புறம் வந்த கடிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை என்று இன்றும் சொல்கிறார்.

கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. குழுவினர் மழையில் நின்றது உண்மை. ஆனால் வியாபாரத்தை இழந்தவரிடம் முதல் வரியிலேயே 'எங்கள் கஷ்டத்தைப் பாருங்கள்' என்றால், ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. 'வெற்றி', 'மகிழ்ச்சி' என்பவை நிறுவனத்தின் அந்த வாரம். அக்காவின் வாரம் வேறு. 'பொறுமைக்கு நன்றி' என்ற வரியை எழுதியவர், அந்த மூன்று நாளும் சேவை மைய எண்ணில் வந்த அழைப்புகளைக் கேட்டிருக்கவே முடியாது. அங்கே யாரும் பொறுமையாகப் பேசவில்லை.

பிறகு நிறுவனம் இரண்டாவது கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. அது என்னிடம் வந்தது. நான் எழுதிக் கொடுத்த தொடக்கம் இது:

"செவ்வாய் காலை 10 மணி முதல் வெள்ளி மாலை 4 மணி வரை உங்களுக்கு இணையம் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கடைகளில் கியூஆரிலோ அட்டையிலோ பணம் வாங்க முடியாமல் போனது. இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். நகருக்கு வரும் எங்கள் முதன்மைக் கேபிளும் மாற்றுக் கேபிளும் ஒரே பள்ளத்தில் போகின்றன. சாலை வேலையின்போது இரண்டும் சேர்ந்து அறுந்துவிட்டன. மாற்றுக் கேபிளை வேறு பாதையில் கொண்டுபோகாமல் இருந்தது எங்கள் தவறு."

குழுவின் உழைப்பை நான் நீக்கவில்லை. அதற்கு வேறு இடம் கொடுத்தேன். இத்தனை நாள் ஏன் ஆனது என்று வாடிக்கையாளர் எப்படியும் கேட்பார். அங்கே அது பதிலாக வருகிறது: "கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஈரம் படக்கூடாது. மழையால் வேலையைப் பலமுறை நிறுத்த வேண்டியிருந்தது." மழை அதே மழைதான். முதல் கடிதத்தில் அது பாராட்டு வாங்க வந்தது, இரண்டாவதில் காரணம் சொல்ல வந்தது.

உங்கள் வரைவில் இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதல் ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யாருக்கு நடந்ததைச் சொல்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். 'நாங்கள்' என்றே வரிசையாக வந்தால் திரும்ப எழுதுங்கள். அதற்குப் பிறகு, அந்த வாரம் நஷ்டப்பட்ட ஒருவரிடம் நேரில் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் சுளிக்கிறாரோ அந்த வரியை மாற்ற வேண்டும்.

குத்தகையாளரைக் கைகாட்டுவது

கேபிளை அறுத்தது சாலை வேலைக்காரர்களின் இயந்திரம்தான். அதைச் சொல்லலாம், ஒரே ஒரு முறை. இரண்டாவது முறை சொன்னால் தப்பிக்கப் பார்ப்பதாகத் தெரியும். வாடிக்கையாளர் மாதா மாதம் பணம் கட்டுவது உங்களிடம், குத்தகையாளரிடம் இல்லை.

'தவறு என்று ஒப்புக்கொண்டால் வழக்கு வரும்' என்று வழக்கறிஞர் தடுப்பது உண்டு. அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. விசாரணை முடியாத விஷயத்தில் காரணத்தை எழுதாதீர்கள். எந்தத் தேதிக்குள் சொல்வோம் என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போனதில் விசாரிக்க ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் சொந்த வரைபடத்திலேயே இருப்பது அது. இப்படித் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காட்டினால் வழக்கறிஞரும் ஒத்துக்கொள்வார், கடிதமும் மழுப்பலாக இருக்காது.

'சிரமம் ஏற்பட்டிருந்தால்'

78 மணி நேரத்துக்குப் பிறகு இதில் என்ன சந்தேகம்? வேண்டாம்.

பணத்தைத் திருப்பித் தருவதைப் பரிசு போலப் பேசுவது

2023 நவம்பர் 8-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை நாடு முழுவதும் மணிக்கணக்கில் நின்றது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நிறுவனம் அடுத்த நாள் வாடிக்கையாளர்களுக்கு 200 ஜிபி இலவச டேட்டா தருவதாக அறிவித்தது. அட்டை இயந்திரம் நின்று அன்றைய வியாபாரத்தைத் தொலைத்த கடைக்காரருக்குக் கூடுதல் டேட்டாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கோபம் அடங்கவில்லை. அதே மாதம் 20-ஆம் தேதி தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

நம் ஊர்க் கதையில் மாதக் கட்டணம் 99 வெள்ளி. நான்கு நாளுக்குக் கணக்குப் போட்டால் 13 வெள்ளி 20 சென். அதை 'சிறப்புச் சலுகையாக வழங்குகிறோம்' என்று வரைவில் எழுதியிருந்தார்கள். கிடைக்காத சேவைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் சலுகை எங்கே இருக்கிறது? "நான்கு நாள் கட்டணமான 13 வெள்ளி 20 சென் தொகையை அடுத்த பில்லில் கழித்திருக்கிறோம். நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. உங்கள் வியாபார நஷ்டம் இதைவிடப் பெரிது என்று எங்களுக்குத் தெரியும்" என்று மாற்றினேன். கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் 13 வெள்ளியைப் பார்த்ததும் ஆத்திரம்தான் வரும் என்று விளக்கிய பிறகு அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அளவுக்கு மீறிப் பணிவது

'தங்கள் பொற்பாதங்களில்' என்ற தோரணை வேண்டாம். கடைக்காரர் கேட்பது தெளிவான பதில்.

தீபாவளி வாழ்த்தை அதே கடிதத்தில் சேர்ப்பது

தனியாக அனுப்புங்கள். அந்த வருடம் அனுப்பாமலே விட்டாலும் சரி.

'நிர்வாகம்' என்று கையெழுத்திடுவது

ஒரு பெயர், ஒரு பதவி, அவரே எடுக்கும் தொலைபேசி எண், எந்த நேரத்தில் எடுப்பார் என்ற விவரம். இந்த நான்கும் இல்லாமல் கடிதம் வெளியே போகக் கூடாது.