சாரிடம் எல்.ஓ.ஆர். என்ற பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்தால் போதும், புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரிகளில் துறைத் தலைவர்களின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்து நிற்கும்: "குட் ஈவினிங் சார், ஃப்ரீயா இருக்கீங்களா? ஒரு ஹெல்ப் வேணும் சார்." விஷயம் என்ன என்று இல்லை. விடைத்தாள் திருத்தத்துக்கு நடுவில் அவர் "சொல்லுப்பா" என்று போட வேண்டும், பிறகு எந்த ஊர், என்றைக்குள் என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். மரியாதை என்று நினைத்துத்தான் நாம் இழுக்கிறோம், ஆனால் அந்த வேலை முழுக்க அவர் தலையில் விழுகிறது.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"வணக்கம் சார். 2023 பேட்ச் மெக்கானிக்கல், சோலார் டிரையர் ப்ராஜெக்ட் உங்களிடம் செய்தேன். அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ். விண்ணப்பிக்கிறேன், எல்.ஓ.ஆர். தர முடியுமா சார்? டிசம்பர் 10க்குள் ஏற்றினால் போதும். மார்க் ஷீட்டும், ப்ராஜெக்ட்டில் நான் செய்த பகுதி பற்றி அரைப்பக்கக் குறிப்பும் இணைத்திருக்கிறேன். சரி என்றால் உங்கள் காலேஜ் மெயிலுக்கு லிங்க் வரச் செய்கிறேன். நேரம் இல்லையென்றாலும் சொல்லுங்கள் சார், வேறு ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கு "சரி" என்று ஒரே சொல்லில் பதில் போடலாம், முடியாது என்பதையும் சங்கடமில்லாமல் சொல்லலாம். அந்த அரைப்பக்கக் குறிப்புதான் முக்கியம். அது இல்லாவிட்டால், பத்துப் பேருக்கு எழுதிய பொதுக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருவதைத் தவிர பாவம் அவருக்கும் வேறு வழியில்லை.

கடைசி நாள் டிசம்பர் 15 இரவு 11:59, அமெரிக்கக் கிழக்கு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது 16ஆம் தேதி காலை 10:29. இந்தக் கணக்கை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்காமல் நம்மூர் நாள் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அதுவும் சில நாள் முன்னதாக. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி வாரத்தில் கரண்ட் இருக்குமா, நெட் இருக்குமா என்று யார் சொல்வது?

அவர் சம்மதிக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் போர்ட்டலில் அவர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள் சிலர். உடனே அவருக்குத் தானியங்கி மெயில் போய்விடும், நீங்கள் கேட்கப்போகிற விஷயத்தை அவர் அந்த மெயிலில்தான் முதலில் பார்ப்பார். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமாகப் படுகிறது. அப்புறம், ஜிமெயில் முகவரி வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் கல்லூரி முகவரியைத்தான் எதிர்பார்க்கின்றன.

லிங்க் போன அன்றே, எந்தப் பெயரில் மெயில் வரும், ஸ்பேமில் விழுந்திருக்கலாம் என்று ஒரு வரி போட்டு வையுங்கள். நினைவூட்டலை 7ஆம் தேதி வாக்கில் ஒரு தடவை அனுப்பினால் போதும், அதிலும் "எனி அப்டேட் சார்?" வேண்டாம். "மூன்றில் இரண்டு ஏறிவிட்டது சார், நன்றி. மூன்றாவதின் மெயில் 2ஆம் தேதி வந்திருக்கும், கிடைக்கவில்லை என்றால் மறுபடி அனுப்பச் சொல்கிறேன்" என்று எழுதினால், அவர் எதையும் தேட வேண்டியதில்லை.