வீட்டுக்கடன் முடிந்த பின் உறுதியை மீட்டல்: வன்னியில் நேரும் சில தவறுகள்

வங்கிக்குக் கடைசித் தவணையைக் கட்டி முடிப்பதும் காணி ஈட்டிலிருந்து விடுபடுவதும் ஒன்றல்ல. கடன் பெற்றபோது நாம் எழுதிக் கொடுத்த ஈட்டு உறுதி, நொத்தாரிசு ஒருவரால் அத்தாட்சிப்படுத்தப்பட்டுக் காணிப் பதிவகத்தில் நமது காணிக்குரிய பக்கத்தில் பதியப்பட்ட ஒரு பத்திரம் ஆகும். பணம் கட்டி முடிந்தது என்பதைப் பதிவகம் தானாக அறிந்துகொள்வதில்லை. வங்கி ஈட்டு விடுவிப்புப் பத்திரத்தை எழுதி, அது அதே பக்கத்தில் பதியப்படும் வரை, அந்தக் காணியைத் தேடிப் பார்க்கும் எவருக்கும் அது வங்கிக்கு ஈடாக உள்ள காணியாகவே தோன்றும். இருந்தும், "கடன் முழுமையாகத் தீர்க்கப்பட்டுள்ளது" என்ற கடிதத்தையும் உறுதியையும் வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். முதலாவது தவறும் பெரிய தவறும் இதுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியா குருமன்காட்டில் இரண்டு பரப்புக் காணியை 2011இல் வாங்கிய ஆசிரியர் ஒருவர், 2012இல் வீடு கட்டுவதற்காக அதை ஈடு வைத்து 15 இலட்சம் ரூபாய் கடன் பெற்றார். 2016இல் மேல்மாடிக்காக அதே வங்கியில் மேலும் 10 இலட்சம் பெற்றபோது, அதே காணியின்மீது இரண்டாவது ஈட்டு உறுதி ஒன்று எழுதப்பட்டது. இரண்டு கடன்களையும் 2022இல் கட்டி முடித்தார். வங்கி ஓர் உறையில் உறுதியையும் நில அளவைப் படத்தையும் தீர்வுக் கடிதத்தையும் 2012ஆம் ஆண்டு ஈட்டுக்கான விடுவிப்புப் பத்திரத்தையும் வைத்துக் கொடுத்தது. அவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டார்.

2024இல் மகளுக்கு அந்த வீட்டைச் சீதனமாக எழுத முற்பட்டபோது, நொத்தாரிசு பதிவகத்தில் தேடிப் பார்த்தார். இரண்டு ஈடுகளும் அப்படியே இருந்தன. முதலாவதற்கு விடுவிப்புப் பத்திரம் எழுதப்பட்டிருந்தும் அதை யாரும் பதியவில்லை. வங்கி பதியும் என்று ஆசிரியர் நினைத்தார், ஆசிரியர் பதிவார் என்று வங்கி நினைத்தது. இரண்டாவதற்கு விடுவிப்பே எழுதப்படவில்லை. மேலதிகக் கடனின் கோப்பு தனியாக இருந்ததால் அது எவருடைய கண்ணிலும் படவில்லை.

இதைச் சரிசெய்வதற்கு அவர் செய்தவை, கடன் முடிந்த கையோடு செய்திருக்க வேண்டியவைதான். காணிப் பதிவகத்தில் தமது காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தின் சான்றுபடுத்தப்பட்ட பிரதியைப் பெற்றார். அதில் இரு ஈட்டு உறுதிகளின் இலக்கங்களும் திகதிகளும் அவற்றை எழுதிய நொத்தாரிசுகளின் பெயர்களும் இருந்தன. அந்த இலக்கங்களைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்து, இரண்டாவது ஈட்டுக்கும் விடுவிப்புப் பத்திரம் பெற்று, இரண்டு பத்திரங்களையும் பதிவகத்தில் பதிவித்தார். பதிவு முடிந்த பின்னர் மீண்டும் அதே பக்கத்தின் பிரதியை எடுத்துப் பார்த்து, ஒவ்வோர் ஈட்டுக்கும் எதிரே அதன் விடுவிப்பு பதியப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டார். இந்தக் கடைசிப் பிரதியை எடுக்காமல் விடுபவர்கள் பலர். ஆனால் காணியில் ஈடு இல்லை என்பதை வாங்குபவருக்கும் அடுத்த வங்கிக்கும் காட்டுவது தீர்வுக் கடிதமன்று, இந்தப் பிரதிதான்.

வங்கியிலிருந்து உறுதியைப் பெறும் நாளில் அவசரப்படுவது அடுத்த தவறு. பத்திரங்கள் பெரும்பாலும் நாம் கடன் பெற்ற கிளையில் இருப்பதில்லை. தலைமை அலுவலகத்திலோ பிராந்திய அலுவலகத்திலோ இருக்கும். ஆகவே கடைசித் தவணையைக் கட்டும்போதே, அவற்றை வரவழைக்கும்படி எழுத்தில் கேட்டு, அக்கடிதத்தின் பிரதியில் கிளையின் முத்திரையைப் பெற்று வைத்திருப்பது நல்லது. பத்திரங்கள் வந்த பிறகு உறையை வங்கியிலேயே திறந்து பார்க்க வேண்டும். நமது பெயரிலுள்ள உறுதி மட்டும் போதாது. கடன் பெற்றபோது, நமக்கு விற்றவரின் உறுதி, அவருக்கு முன்னிருந்தவரின் உறுதி, நில அளவைப் படம் ஆகியவற்றையும் வங்கியின் சட்டத்தரணி வாங்கி வைத்திருப்பார். அந்த முந்திய உறுதிகளைக் கேட்டுப் பெறாமல் வந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உரிமைத் தொடரைக் காட்ட வேண்டிய நேரத்தில்தான் இல்லாமை தெரியவரும். எவை கொடுக்கப்பட்டன என்பதற்கு அன்று வங்கி தந்த பற்றுச்சீட்டோ, சட்டத்தரணியின் உரிமை அறிக்கையோ இருந்தால் ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். ஒன்று குறைந்தாலும், "அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ் கையொப்பமிடக் கூடாது; பெற்றவற்றை மட்டும் இலக்கத்துடன் எழுதி, பெறாததையும் குறிப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். அந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாவிட்டால், தொலைத்தது வங்கியா வீட்டுக்காரரா என்ற கேள்விக்குப் பின்னர் விடை சொல்வது மிகக் கடினம்.

கடனைக் கட்டிய பிறகும் வங்கி உறுதியைத் தர மறுத்தால், ஈட்டு உறுதியின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். பல ஈட்டு உறுதிகள் அந்த ஒரு கடனுக்கு மட்டுமன்றி, அதே வங்கிக்கு நாம் செலுத்த வேண்டிய வேறு பொறுப்புகளுக்கும் சேர்த்து எழுதப்படுகின்றன. உறவினர் ஒருவரின் கடனுக்குப் பிணை நின்றதை மறந்துவிட்டவர்களுக்கு இங்கேதான் அது நினைவுக்கு வருகிறது.

இனி உறுதி தொலைந்துபோன நிலைமைக்கு வருவோம். இடப்பெயர்வில் பெட்டியோடு எல்லாவற்றையும் இழந்த அனுபவம் வன்னியில் பல குடும்பங்களுக்கு உண்டு என்பதால், உறுதி இல்லையென்றால் காணியும் இல்லை என்ற அச்சம் இங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சட்டத்தின் நிலைமை அப்படியன்று. நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது அதன் மூலம் உரியவரிடம் கொடுக்கப்படுகிறது. இரட்டைப் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன்னர் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். மற்றொரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். கையிலுள்ள தாள் போனாலும் உரிமை போவதில்லை. பதிவகத்திலுள்ள இரட்டைப் பிரதியிலிருந்து சான்றுபடுத்தப்பட்ட பிரதியை விண்ணப்பித்துப் பெறலாம்.

அதற்கு உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தேவை. அவை நினைவில்லாதவர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஈடு வைத்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஈட்டு உறுதியின் அட்டவணையில் காணியின் எல்லைகளோடு, உரிமை எந்த உறுதியின் மூலம் வந்தது, அது பதிவகத்தின் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற விபரங்களும் வழமையாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைக் கண்டுவிட்டால், காணியைப் பற்றிய முந்திய உறுதிகள் பலவற்றையும் அங்கிருந்தே தொடர்ந்து தேடலாம். பழைய பதிவுகளைத் தேடுவோர் மாவட்டங்களின் வரலாற்றையும் மனதில் கொள்ள வேண்டும். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன்னர் எழுதப்பட்ட கிளிநொச்சிக் காணி உறுதியொன்றில் யாழ்ப்பாணத்துப் பதிவுக் குறிப்பு இருந்தால் வியப்பில்லை. பதிவகத்தில் இரட்டைப் பிரதி கிடைக்காத நிலையில், நொத்தாரிசின் கோவையைத் தேட வேண்டும். நொத்தாரிசு காலமாகியிருந்தாலும் அக்கோவை பதிவகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டியது என்பதால், அங்கும் விசாரிக்கலாம்.

தொலைத்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பின்வரும் நடவடிக்கை மாறுகிறது. வீட்டில் தொலைந்திருந்தால், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற வேண்டும். உறுதியின் இலக்கத்தையும், அதை எவருக்கும் ஈடாகவோ பொறுப்பாகவோ கொடுக்கவில்லை என்பதையும் கூறும் சத்தியக்கடதாசி ஒன்றை முடித்து வைக்க வேண்டும். வாங்குபவரோ அடுத்த வங்கியோ பத்திரிகை விளம்பரத்தையும் கேட்கலாம். வங்கி தொலைத்திருந்தால், இந்தச் சுமையை நாமே தூக்கிக்கொள்வது தவறு. மூல உறுதி தன்னிடம் இருந்தபோது தொலைந்தது என்பதை உறுதி இலக்கத்துடன் கூறும் கடிதத்தை வங்கியிடமிருந்து பெற வேண்டும். பிரதி எடுக்கும் செலவையும் அதனிடமே கேட்க வேண்டும். வாய்மொழியாக "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலோடு மாதங்கள் கழிந்தால், முதலில் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கும், பின்னர் நிதி ஒம்புட்ஸ்மனுக்கோ மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கோ எழுத்தில் முறையிடலாம்.

தொலைந்த மூலம் பிறர் கையில் சிக்கியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ், நமது காணியைப் பற்றி எந்தப் பத்திரம் பதிவுக்கு வந்தாலும் அறிவிக்கும்படி பதிவகத்தில் எச்சரிக்கை மனு ஒன்றைப் பதியலாம். பொலிஸ் முறைப்பாட்டோடு நின்றுவிடுபவர்களுக்கு இது தெரிவதில்லை. முறைப்பாடு பொலிஸ் நிலையத்தில் கிடக்கும். மோசடி உறுதி பதிவகத்துக்குத்தான் வரும்.

நமது பகுதியில் அடிக்கடி காணப்படும் இன்னொரு வழக்கம், மூல உறுதி தொலைந்தவுடன் "ஆட்சி உறுதி" ஒன்றை எழுதிவிடுவது. விரைவாக ஒரு புதிய உறுதி கைக்கு வருகிறது என்பதால் பலர் இதில் திருப்தியடைகிறார்கள். உண்மையில் இது இருந்த நல்ல உரிமையைப் பலவீனப்படுத்துகிறது. விலைக்கு வாங்கிய உரிமை, தொடர்ச்சியான உறுதிகளில் நிற்கிறது. ஆட்சி உறுதியோ, நீண்டகாலம் அனுபவித்து வந்தேன் என்று உரிமையாளர் தாமே செய்யும் கூற்று. பின்னர் கடன் கேட்டுப் போகும்போது, வாங்கிய உறுதி எங்கே, ஏன் தொடர் அறுந்தது என்ற கேள்விகள் எழும். போர்க்கால ஆண்டுகளில் காணியை அனுபவித்து வந்ததை அடிப்படையாகக் கொண்ட கூற்றுகளுக்கு வேறு சிக்கலும் உண்டு: ஆயுத மோதலால் தமது உரிமையைக் கோர முடியாமற் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிட முடியாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. சான்றுபடுத்தப்பட்ட பிரதி கிடைக்கக்கூடிய இடத்தில் ஆட்சி உறுதிக்கு வேலையே இல்லை.

மேற்கூறியவை உறுதிக் காணிகளுக்கே பொருந்தும். குடியேற்றத் திட்டங்களில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்றவர்கள், நொத்தாரிசைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவை அரசு வழங்கியவை என்பதால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உள்ள பதிவேட்டிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும். அளிப்புக் காணியை ஈடு வைத்துக் கடன் முடித்தவர்கள் பதிவகத்தில் விடுவிப்பைப் பதிவிப்பதோடு, அதன் பிரதியொன்றைப் பிரதேச செயலகத்திலுள்ள தமது காணிக் கோப்பிலும் சேர்ப்பித்துவிட வேண்டும். பின்னுரித்தாளரை நியமிக்கவோ பிள்ளைக்குக் கைமாற்ற அனுமதி பெறவோ செல்லும்போது அங்கே முதலில் திறக்கப்படுவது அந்தக் கோப்புத்தான்.